மனுவில் விடுபட்ட வெளிச்சம்

மின்வாரியத்துக்கு எழுதிய புகார் மனுவை, அனுப்புவதற்கு முன் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று வாய்விட்டு வாசித்துப் பார்த்தவன் நான். ‘அந்திக்கு முன்பே அந்தியாகிவிடும் எங்கள் தெரு’ என்ற இடத்தில் எனக்கே கைதட்டத் தோன்றியது. இரண்டாம் முறை வாசித்தபோதும் அதே இடத்தில் தோன்றியது. நல்ல எழுத்துதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

போடியில் எங்கள் தெரு சின்னது. எங்கள் எதிர்வரிசையில் ஒரு பெண்மணி இட்லி மாவு அரைத்து விற்கிறார். குரங்கணி மலைக்கு ஜீப்புகள் கிளம்பும் இடத்தில் உள்ள இட்லிக்கடைக்கும் அவர் மாவுதான் போகிறது. தெருமுனையில் ஒரு பாய் ஏலக்காயைச் சலித்துத் தரம் பிரிக்கும் சிறிய கடை வைத்திருக்கிறார். மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கிய ஆனி மாதத்தில் தெருவில் மின்சாரம் கெட்டது. அறவே போயிருந்தால் யாராவது வந்து சரிசெய்திருப்பார்கள். இதுவோ வந்துகொண்டே கெட்டது.

மாவுக்காரம்மாவின் கிரைண்டர் முனகியது, நின்றது, ஒருநாள் புகைந்தது. மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோய், கருகிய கம்பிச்சுருளுக்குப் பதில் புதுக் காயில் கட்டிக்கொண்டு வந்தார். “இன்னொரு தடவ கருகுச்சுன்னா என்கிட்ட கொண்டாராதீங்க, பழைய இரும்புக்குப் போட்டுருங்க” என்று காயில் கட்டியவர் சொல்லி அனுப்பியிருந்தார். மாவு தவறினால் தேனியிலிருந்து பாக்கெட் மாவு வாங்கிக்கொள்வதாக இட்லிக்கடைக்காரரும் சொல்லியிருந்தார். போனில் புகார் சொன்னதற்கு ஒயர்மேன் வந்தார். அவர் வந்தது நண்பகல். கிரைண்டர் ஓடாத வேளையில் எல்லாம் ஒழுங்காக எரிந்தது. “நல்லாத்தானக்கா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுத்தில் கொடுத்தால்தான் காரியம் ஆகும் என்று தெரு முடிவெடுத்தது. தெருவில் எழுத்து என்றால் நான். தெருவின் வாட்ஸப் குழுவில் அதுவரை வந்த செய்திகளையெல்லாம் சேர்த்து மனுவாக்கும் சோலி என்னிடம் வந்தது.

செய்திகள் இப்படி இருந்தன: ‘கரண்டு டிம்மு.’ ‘மறுபடியும் டிம்மு.’ ‘ஃபேன் சுத்துதா நிக்குதான்னே தெரில.’ ‘கிரைண்டர் போட்டதும் லைட்டு உசிரு போகுது, யாராச்சும் கேளுங்கப்பா.’ பாய் மட்டும் எழுதவில்லை. பேசி அனுப்பியிருந்தார்: “நம்ம கடையில லைட்டு கல்யாண வீடு கணக்கா எரியுது, மாப்ளே! ஃபேனு கழண்டு பறந்துரும் போல. தெருக் கரண்டு பூராம் இங்கதான் வருது, வேணுங்குறவுக வாளி கொண்டாங்க!” அதற்குக் கீழே ஆளாளுக்குச் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். நானும் ஒன்று போட்டேன்.

மனு எழுதும்போது பாயின் பேச்சை எடுத்துவிட்டேன். இருளைப் பற்றிய மனுவில் ஒருவர் மட்டும் வெளிச்சத்தில் உட்கார்ந்து கேலி பேசினால் உணர்ச்சி சிதறிவிடும். படித்தவன் இதையெல்லாம் யோசிப்பான். மீதியை வளர்த்தேன். ‘டிம்மு’ என்பதைத் ‘தாழ்வழுத்த மின்னோட்டத்தால் மங்கி மருகும் விளக்குகள்’ ஆக்கினேன். முடிவில் கோரிக்கை வேண்டுமே. பெருகிவரும் மக்கள்தொகைக்கு ஏற்பக் கூடுதல் திறன்கொண்ட மின்மாற்றி அமைத்துத் தருமாறு கேட்டேன். மின்மாற்றிக்கு என்ன குறை என்று எனக்குத் தெரியாது. கேட்பதைப் பெரிதாகக் கேட்கலாமே என்றுதான். தெருவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் வாசிக்கவில்லை. மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வந்தேன்.

அடுத்த வாரம் மாவுக்காரம்மா வந்து, “அண்ணே, ஒண்ணும் நடக்கல. கிரைண்டருக்குப் பக்கத்துலயே நின்னு, கருகுதான்னு மோந்து மோந்து பாத்துக்கிட்டு அரைக்கிறேன். வாங்க, போய்க் கேட்டுட்டு வருவோம்” என்றார். போனோம்.

உதவிப் பொறியாளர் இளவயதுப் பெண். மனுவில் நான் அவரை மூன்று இடங்களில் ‘ஐயா’ என்று விளித்திருந்தேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

“சார், உங்க மனுவுக்கு ஆக்‌ஷன் எடுத்தாச்சு. சாயங்காலம் ஆளு விட்டு டிரான்ஸ்ஃபார்மர்ல லோடு பாத்தோம். தாங்குற அளவுக்குள்ளதான் இருக்கு. பெருசு போடணும்னா எஸ்டிமேட் போட்டு மேல அனுப்பணும். லோடே இல்லாம என்னன்னு அனுப்புறது?”

“மேடம், எங்களுக்குப் பெருசும் வேணாம் சிறுசும் வேணாம். கிரைண்டரு ஓடணும், அம்புட்டுத்தான்” என்றார் மாவுக்காரம்மா.

பொறியாளர் நிமிர்ந்தார். “கிரைண்டர் போட்டாத்தான் டிம்மாகுதா?”

“போட்டதும் பொசுக்குன்னு எறங்குது.”

“அதே நேரத்துல தெருவுல வேற யாருக்காவது வெளிச்சம் கூடுதா?”

நான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். மாவுக்காரம்மா போனை எடுத்துத் தடவினார். பில் கட்ட வந்தவர்களுக்கும் கேட்கும் அளவில் பாயின் குரல் அலுவலகம் முழுக்க ஒலித்தது. ‘வாளி கொண்டாங்க’ என்ற இடத்தில் வரிசையில் நின்றவர் ஒருவர் சிரித்தார். பொறியாளர் சிரிக்கவில்லை.

“இத ஏன் சார் மனுவுல எழுதல?”

“அது… சும்மா தமாஷுக்கு…”

“தமாஷ் இல்ல சார். நியூட்ரல், அதான் கரண்டு திரும்பிப் போற கம்பி, எங்கயோ விட்டுப்போயிருக்கு. அவர் கடைக்கு வேற ஃபேஸ் லைன், இவங்க வீட்டுக்கு வேற ஃபேஸ் லைன். நியூட்ரல் சரியில்லன்னா லோடு கூடுன பக்கம் வோல்ட்டேஜ் எறங்கும், குறைஞ்ச பக்கம் ஏறும். இவங்க பக்கம் கிரைண்டரோ வேற எதுவோ ஓட ஓட அவர் கடையில இருக்கிறதெல்லாம் கருகும். முதல்ல அவருக்கு போன் போட்டு மெயினை அணைக்கச் சொல்லுங்க. நீங்களும் வீட்டுக்குப் போனதும் அணைங்கம்மா.”

பாய்க்குப் போன் போட்டேன். “இப்பத்தான் மாப்ளே டியூப்லைட்டு ஒண்ணு படார்னுச்சு. அணைச்சுட்டுத்தான் ஒனக்குப் பேசலாம்னு எடுத்தேன்” என்றார்.

பொறியாளர் லைன் ஆட்களை அனுப்பிவைத்தார். கோப்பில் வைப்பதற்கு, நடந்ததை மட்டும் நடந்தபடி எழுதிக் கொடுக்கச் சொன்னார். அலுவலக பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். கிரைண்டர் போட்டால் இந்த வீட்டில் விளக்கு மங்குகிறது. அதே நேரம் தெருமுனைக் கடையில் விளக்கு அதிகமாக எரிகிறது. காற்றடித்த நாளிலிருந்து இப்படி. இரண்டு இணைப்பு எண்கள். சரிசெய்து தரவும். ‘தரவும்’ என்பதற்கு முன்னால் ‘கருணைகூர்ந்து’ என்று சேர்க்கப் பேனா துடித்தது. பக்கத்தில் நின்ற மாவுக்காரம்மா, “போதும்ணே, வெரசா குடுங்க, ஊறவச்ச அரிசி புளிச்சுரும்” என்றார்.

மதியத்துக்கு மேல் தெருவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறினார்கள். மரக்கிளை உரசும் கம்பத்தில் நியூட்ரல் கம்பியின் இணைப்பு தளர்ந்து, சூடேறிக் கருகிக் கிடந்தது. அதை வெட்டி எடுத்துப் புதிதாக இணைத்தார்கள். மின்சாரம் வந்ததும் மாவுக்காரம்மா கிரைண்டரைப் போட்டுவிட்டு வாசலில் நின்றார். பாய் தன் கடை வாசலில் நின்று, உள்ளே விளக்கைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கூடவில்லை என்று கையை ஆட்டிக் காட்டினார். கிரைண்டர் முனகாமல் ஓடியது. கொஞ்ச நேரம் மோட்டார் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மாவுக்காரம்மா அரிசியை அள்ளிப் போட்டார்.

இரண்டு மனுக்களின் நகலையும் மாவுக்காரம்மாவே படம் எடுத்துக் குழுவில் போட்டார், எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும் என்று. சாயங்காலம் பாய் என்னைக் கடைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்து டீ சொன்னார். போனைத் தள்ளிப் பிடித்து இரண்டையும் நிதானமாக வாசித்தார்.

“மொதல் லெட்டரு நீ எழுதுனது, பாத்ததுமே தெரிஞ்சுருச்சு மாப்ளே” என்றார். “ரெண்டாவது லெட்டரு யாரு எழுதுனது? வெவரமான ஆளா இருக்காரே, இனிமே அவர்ட்டயே குடுப்போம்.”