மாப்பிள்ளையின் நெஞ்சளவு

எங்கள் தையல்கடையில் வெயிஸ்ட்கோட்டுக்கு அளவெடுப்பது அக்கா மட்டும்தான். எனக்கு அந்தச் சாமர்த்தியம் வராது.

அன்று ஒரு மாப்பிள்ளை கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, மூச்சை இழுத்து நெஞ்சை விரித்து நின்றார். அக்கா நெஞ்சைச் சுற்றி வைத்த டேப் நாற்பத்திரண்டு காட்டியது. நானாக இருந்தால் அதையே எழுதித் தொலைத்திருப்பேன். வெயிஸ்ட்கோட் சட்டைமேல் படியாமல் தொளதொளவென்று நின்றிருக்கும்.

அக்கா அதை எழுதாமல், பின்கழுத்திலிருந்து, முன்பக்கமாக, பேன்ட் இடுப்புப்பட்டி மறையும்வரை நீளம் எடுத்தாள். பிறகு, "பொண்ணு உங்கள என்னன்னு கூப்பிடும்?" என்றாள்.

மாப்பிள்ளை வெட்கத்தில் சிரித்துவிட்டார். நெஞ்சு தணிந்தது. உடனே அக்குளுக்கடியில் டேப்பைச் சுற்றி, உள்ளே இரண்டு விரல் விட்டுப் பிடித்தாள். நாற்பது.

"மொதல்ல நாப்பத்திரண்டு இருந்துச்சேக்கா?" என்றார் மாப்பிள்ளை.

"அது போட்டோவுக்கு நிக்கிற நெஞ்சு தம்பி. கல்யாணத்தன்னைக்குப் பூரா நீங்க மூச்சப் புடிச்சுக்கிட்டேவா நிப்பீங்க?"