மூன்று தாமரைக் கற்பூரங்கள்

பனியன் கம்பெனியில் நான் தரப் பரிசோதகர். நூலைக் கொளுத்தி, வாசனையையும் சாம்பலையும் வைத்து அது பருத்தியா பாலியெஸ்டரா என்று சொல்வதும் என் வேலைதான். அதனாலோ என்னவோ, முதலாளியின் மனைவி அந்தப் போட்டோவை எனக்கு அனுப்பினார்.

தாராபுரத்திலிருக்கும் அவருடைய நாத்தனார் எடுத்தது. ஒரு கற்பூர டப்பா. பெயரை விரல் மறைத்திருந்தது. தாமரையும் ‘தூய’ என்ற சொல்லும் மட்டும் தெரிந்தன. எரிந்தால் மிச்சமே இருக்காதாம், பத்து டப்பா வேண்டுமாம்.

பூஜை சாமான் கடைக்காரர் போட்டோவைப் பார்த்ததும் மூன்று டப்பாக்களை எடுத்து வைத்தார். மூன்றிலும் தாமரை, மூன்றிலும் ‘தூய’. ஒன்று புகையே வராது என்றது. இன்னொன்று முன்பக்கம் நூறு சதவீதம் என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் கற்பூரம், மெழுகு, மணமூட்டி என்றது. மூன்றாவதில் கற்பூரம் என்ற ஒரே சொல். துணியில் கண்ணி எண்ணும் லென்ஸைப் போன் திரையில் வைத்துத் தாமரை இதழை எண்ணப் பார்த்தேன். வண்ணக் கட்டங்கள்தான் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு டப்பா வாங்கிக்கொண்டேன்.

கம்பெனிப் பரிசோதனை அறையில் மூன்று தட்டுகளில் ஒரே அளவு வைத்துக் கொளுத்தினேன். வாசனை வெளியே போனது. அயர்ன் செக்‌ஷன்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டார். தையல் பெண்கள் வரிசையில் நின்றார்கள். பீகார் பையன்கள் என்ன பண்டிகை என்று கேட்டார்கள். தையல் லைன் நின்றுவிட்டதென்று திட்ட வந்த மேனேஜர், முதலில் மூன்று தட்டுச் சுடரையும் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டு, பிறகு திட்டினார்.

மூன்றுமே கரும்புகை விட்டன. புகை வராது என்றதும்கூட. ஆனால் அதன் தட்டும் மூன்றாவதன் தட்டும் சுத்தமாக இருந்தன. மெழுகு போட்ட டப்பாவின் தட்டில் மட்டும் பிசுபிசுவென்று பழுப்புக் கறை.

நாத்தனார் கேட்டது எந்த டப்பா என்பது அப்போதும் தெரியவில்லை. போட்டோவை இன்னும் பெரிதாக்கினேன். டப்பாவுக்குப் பின்னால் ஓர் அட்டைப்பெட்டி, அதில் எங்கள் கம்பெனிப் பனியனின் ஸ்டைல் நம்பர். ஆயுத பூஜைக்கு வந்தபோது நாத்தனார் இங்கேயே எடுத்திருக்கிறார். பூஜை நடந்த கம்பெனி மாடிக்கு ஓடினேன். சாமி படத்தடியில் அதே டப்பா, பின்பக்கம் பொடி எழுத்தில் அதே மெழுகு. அங்கே பெருக்குகிற அம்மா சொன்னார், பூஜையன்றைக்குத் தட்டு நிறைய விபூதி கொட்டியிருந்ததாம். கறையை யார் பார்த்தார்கள்?

முதலாளியின் மனைவிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவங்க கேட்டது அதுதானே கண்ணு?”

“ஆமாங்கக்கா. ஆனா அது மிச்சம் வைக்குமுங்க.”

“கேட்டதையே பத்து வாங்கி அனுப்பிரு. வேறயக் கொடுத்தா நான் மாத்தீட்டேன்னு சொல்லுவாங்க. நம்ம ஊட்டுக்கு மட்டும் அந்த மூணாவது.”

வாங்கி அனுப்பினேன். இரண்டு நாளில் நாத்தனாரின் நன்றி, எரிந்து முடிந்த தட்டின் போட்டோவோடு வந்தது. நடுவில் கறை பளிச்சென்று தெரிந்தது. கீழே எழுதியிருந்தார்: ‘நான் சொன்ன மாதிரியே சுத்தமுங்க.’