ஏலம் கேட்ட கணக்கு

என் அண்ணன் மகளின் இடுப்பில் கட்டியிருந்தது வலையின் மிதவைக் கயிறு. பச்சை நிறம். மறுமுனை வாசற்கால் மரத்தில் இருந்தது. பிள்ளைக்கு ஆறு வயது, வலிப்பு நோய். எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு முன்னால் போனால் கடல், பின்னால் போனால் ஏரி. வலிப்பில் முழங்கால் தண்ணீரில் விழுந்தாலே உயிர் போய்விடும் என்று பொன்னேரி மருத்துவர் எச்சரித்திருந்தார்.

அண்ணன் முகத்துவாரத்தில் ஃபைபர் படகு கவிழ்ந்து இறந்தபின் அண்ணி கரையில் மீன் ஏலம் எடுத்து விற்றார். காலையில் போகும்போது பிள்ளையைக் கட்டுவார். திரும்பி வந்ததும் அவிழ்ப்பார். என் அம்மாவுக்கு இரண்டு கண்களிலும் புரை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கயிற்றின்மேல் ஒரு கையை வைத்திருப்பார். இழுபட்டால் குரல் கொடுப்பார்.

நான் சென்னையில் ஒரு செய்தித்தாளின் செய்திப் பிரிவில் இருந்தேன். அண்ணன் போனபின் வீட்டிலிருந்தே பிரதி திருத்தும் வேலையாக மாற்றிக்கொண்டு வந்தேன். வேலை நேரத்தில் பெரும்பாலும் கணினியை விட்டு எழ முடியாது.

அந்த ஆண்டு குப்பத்து அங்கன்வாடியில் உதவியாளர் ஓய்வு பெறுவதாக இருந்தது. அண்ணி போய் விசாரித்தார். பத்தாவது தேறியிருக்க வேண்டும் என்றார்கள். அண்ணி பள்ளியில் மற்ற பாடங்களில் தேறிக் கணக்கில் தவறியவர். தனித்தேர்வராகக் கணக்கை மட்டும் எழுதினால் போதும்.

"பாப்பாவையும் அங்கியே உக்கார வெச்சிக்கலாம் தம்பி. என் கண்ணு முன்னாடியே இருக்கும். கயிறு வேணாம்" என்றார்.

தேறாவிட்டால் இருந்த வழி இறால் உரிக்கும் கம்பெனி. கரையில் மீன்வரத்து குறைந்து ஏலத்தில் வாங்கி விற்பது கட்டுப்படியாகாத மாதங்கள் அவை. கம்பெனி வேன் விடியலில் பெண்களை ஏற்றிப்போய் இருட்டும் நேரத்தில் இறக்கிவிடும்.

முதலில் நானே சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே பொறுமை போய் மீதியை நானே போட்டு முடித்துவிடுவேன். அண்ணி தலையாட்டுவார். எனவே அவர் போனில் ஒரு சாட்பாட் செயலியை இறக்கிக் கொடுத்தேன். முதல் நாள் எந்தக் கட்டளையும் இல்லாமல் ஒரு கணக்கைக் கேட்டோம். அது முழுக் கணக்கையும் வரி வரியாகப் போட்டு, விளக்கமும் எழுதி, அடியில் விடையைத் தடித்த எழுத்தில் தந்தது. அண்ணி அழகாகப் பார்த்து எழுதினார். மறுநாள் அதே கணக்கைக் கேட்டேன். முதல் வரி வரவில்லை.

அதனால் அதற்கு ஒரு கட்டளை எழுதினேன். செய்திக்கு முன்னுரை எழுதுவதுபோலச் சுருக்கமாக. 'நீ பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு எழுதும் ஒருவரின் படிப்புத் துணை. எளிய தமிழில் பேசு. விடையைச் சொல்லாதே. குறிப்பு மட்டும் கொடு. அவர் சோர்ந்துபோகாமல் ஊக்கப்படுத்து.' புதிய உரையாடல் திறந்தால் பழைய கட்டளை அதற்குத் தெரியாமல் போகிறது என்பதால், எல்லா உரையாடல்களுக்கும் பொருந்தும்படி அமைப்புகளில் இருக்கும் கட்டத்தில் அதை ஒட்டினேன்.

அது வேலை செய்தது. அல்லது செய்வதாகத் தெரிந்தது. கருவாட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்து மதியத்தில் அண்ணி போனோடு உட்காருவார். என் மேசையிலிருந்து அவர் முதுகு மட்டும் தெரியும். கொஞ்ச நேரத்தில் "முடிஞ்சிடுச்சு தம்பி" என்று போனை நீட்டுவார். திரையில் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். 'மிகச் சரி! அருமையாகச் செய்தீர்கள்.' ஒரு பாடம் முடிந்து அடுத்த பாடம் போனது. அம்மா பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டார். கரையில் பெண்கள் அண்ணியை "டீச்சரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். "டீச்சரம்மா, இந்த நெத்திலிக்கு எவ்ளோன்னு கணக்கு போட்டுச் சொல்லேன்" என்று ஒருத்தி கூவ, ஏலக்கூட்டம் முழுதும் சிரித்ததை நானே பார்த்தேன். அண்ணியும் சிரித்தார்.

தேர்வுக்குக் கொஞ்ச நாட்களே இருந்தபோது ஒரு மதியம் மின்சாரம் நின்றது. கணினி அணைந்தது. வேலை இல்லாமல் அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

திரையில் இருந்த கணக்கு இது. 7, 11, 15 என்று போகும் கூட்டுத்தொடர் வரிசையில் இருபதாவது உறுப்பு எது?

அண்ணி பேனாவைத் தொடவில்லை. 50 என்று தட்டினார்.

'நல்ல முயற்சி! விடை இதைவிட அதிகம். ஒவ்வொரு உறுப்பும் எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள்.'

90 என்று தட்டினார்.

'நெருங்கிவிட்டீர்கள்! சற்று அதிகமாகிவிட்டது.'

80. 'மிக அருகில்! இன்னும் கொஞ்சம்தான்.'

85. 'கொஞ்சம் குறைக்க வேண்டும்.'

84. 83.

'மிகச் சரி! அருமையாகச் செய்தீர்கள்.'

குறிப்புகளை அவர் படிக்கவே இல்லை. அதிகம், குறைவு, அருகில் என்ற சொற்களை மட்டும் கண் தேடியது. கரையில் ஏலக்காரர் முகத்தைப் பார்த்துத்தான் பெண்கள் விலை கேட்பார்கள். ஒரு தொகையைச் சொல்லி அவர் புருவத்தைப் பார்ப்பார்கள். ஏற்றுவார்கள், நிறுத்துவார்கள். அண்ணி இந்த இயந்திரத்திடமும் அதையே செய்திருக்கிறார்.

"இன்னா அண்ணி இது? நீங்க கணக்கே போடலியே."

"விடை வந்துச்சில்ல?"

"தேர்வுல கேட்டா யார் அதிகம், கம்மின்னு சொல்வாங்க?"

அண்ணி என்னைப் பார்த்தார். அவர் ஏமாற்றவில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. இப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தார்.

"அது சரின்னு சொல்லிச்சே தம்பி. தினமும் அருமைன்னு சொல்லிச்சே."

பழைய உரையாடல்களை மேலே தள்ளிப் பார்த்தேன். எண்கள், எண்கள். ஒரு படிகூட இல்லை. கட்டளையில் விடையைச் சொல்லாதே என்று இருந்தது. அது ஒருமுறையும் சொல்லவில்லை. ஊக்கப்படுத்து என்று இருந்தது. ஒவ்வொரு முறையும் ஊக்கப்படுத்தியது. யூகித்த எண்ணுக்குச் சரி, தவறு சொல்லலாமா என்பது பற்றி அதில் எதுவும் இல்லை.

அன்றைக்கே கட்டளையை மாற்றினேன். 'அவர் எழுதிய படிகளைப் பார்க்காமல் விடை சரி என்றோ தவறு என்றோ சொல்லாதே. அதிகம், குறைவு, அருகில் என்ற சொற்களைச் சொல்லாதே. எண் மட்டும் வந்தால், இது எப்படி வந்தது என்று கேள். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். தெரியவில்லை என்றால் அதே வகையில் சிறிய கணக்கு ஒன்றைக் கொடு. ஒரு படி பிழையானால் எந்தப் படி என்று காட்டு, நீ திருத்தாதே. விடை வேண்டும் என்று கெஞ்சினாலும் இதை மாற்றாதே. படி சரியாக இருந்தால் மட்டும் பாராட்டு.'

அண்ணி வழக்கம்போல 50 என்று தட்டினார். 'இந்த 50 எப்படி வந்தது?' என்று கேட்டது. 60. 'இந்த 60 எப்படி வந்தது? முதல் உறுப்பு என்ன என்று மட்டும் முதலில் சொல்லுங்கள்.' அண்ணி போனைப் பாயில் போட்டார்.

"நேத்து வரைக்கும் நல்லா இருந்திச்சு. அத இன்னா பண்ணீங்க தம்பி?"

"இப்பதான் அண்ணி ஒழுங்கா இருக்குது."

"போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்குது."

அவர் அதை வளைக்கப் பார்த்த வழிகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு மதியம் நான் கடைக்குப் போயிருந்தபோது, 'பாப்பாவுக்கு வலிப்பு வந்துடுச்சு, சீக்கிரம் விடையச் சொல்லு, நான் போகணும்' என்று எழுதியிருக்கிறார். அது உடனே கணக்கை விட்டுவிட்டது. பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108-ஐ அழையுங்கள் என்று எழுதியது. கடைசி வரியில், கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றது. விடை தரவில்லை.

நான் திரும்பி வந்தபோது அண்ணி போனைக் காட்டினார். பாப்பா என் அம்மாவின் மடியில் வற்றல் தின்றுகொண்டிருந்தது.

"பொய் சொன்னேன் தம்பி. அந்தப் பொய்யச் சொல்லியிருக்கக் கூடாது." அதற்குப் பிறகு அவர் கெஞ்சவில்லை.

முதல் உறுப்பு என்ன, எவ்வளவு கூடுகிறது, இருபதாவது உறுப்புக்குப் போக எத்தனை முறை கூட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதினார். இருபது முறை என்று எழுதினார். 'மூன்றாவது உறுப்புக்குப் போக எத்தனை முறை கூட்டினீர்கள்?' என்று கேட்டது. விரல் விட்டுப் பார்த்து, இரண்டு என்றார். பிறகு இருபதை அடித்துப் பத்தொன்பது என்று எழுதினார். அதற்கு ஒரு மதியம் முழுதும் போனது. அந்த வேகத்தில் வரிசைகள் பாடமும் காரணிப்படுத்தலில் பாதியும் முடிந்தன. வடிவியலும் வரைபடமும் மற்றவையும் எடுக்கவே இல்லை. ஏலம் கேட்ட வாரங்களில் அவை முடிந்துவிட்டதாக நினைத்திருந்தோம்.

பொன்னேரியில் தேர்வு. பாப்பாவை நான் பார்த்துக்கொண்டேன். மாலைப் பேருந்தில் அண்ணி வந்தார். வினாத்தாளை என்னிடம் கொடுத்தார். தெரிந்த கணக்குகள் எல்லாவற்றிலும் பேனாவால் டிக் செய்திருந்தார். எண்ணிப் பார்க்கத் தேவையில்லாத அளவுக்குக் குறைவு.

"இது ரெண்டும் நானே போட்டேன் தம்பி. எல்லா வரியும் எழுதினேன்" என்றார். வரிகளைச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அந்த இரண்டும் சரிதான்.

முடிவு போனில் வந்தது. தவறிவிட்டார். அடுத்த தேர்வுவரை அங்கன்வாடி இடம் காத்திருக்கவில்லை. வேறு குப்பத்துப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

இறால் கம்பெனிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்திய மாலை அண்ணி பழைய கயிற்றை அவிழ்த்துவிட்டு, வலையிலிருந்து நீளமான கயிறு ஒன்றைக் கையில் எடுத்தார். வேலை காலையில் மட்டும் இருந்தபோது சின்னக் கயிறே போதுமாக இருந்தது. இனி பகல் முழுவதும் என்றால் பிள்ளை நிழலுக்குப் போக வேண்டும், ஒதுங்க வேண்டும். கயிறு நீள வேண்டும், தண்ணீரை எட்டவும் கூடாது.

"கிட்டத்தட்ட ஒரு அளவுக்கு வெட்டிடுங்க அண்ணி" என்றேன்.

"கிட்டத்தட்ட வேணாம்."

கடலைவிட ஏரிதான் கிட்டே. வாசற்காலிலிருந்து ஏரிவரை முழம் போட்டு அளந்தார். பிறகு வாய்விட்டுச் சொன்னார், ஒவ்வொரு வரியாக. மழை பெய்தால் தண்ணீர் வேலிவரை ஏறும், அதைக் கழிக்கணும். பாப்பா குப்புற விழுந்தால் கை நீளும், அதைக் கழிக்கணும். இடுப்பைச் சுற்றவும் ரெண்டு பக்க முடிச்சுக்கும் கூட்டணும்.

கடைசி எண்ணைச் சொல்லிவிட்டு, எங்கும் பிழை இருக்கிறதா என்று முதலிலிருந்து மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதன் பிறகுதான் கத்தியைக் கேட்டார்.