அணில், மழை, யானை

எனக்குப் பதினொரு வயதில் அப்பாவின் வேலை ஒரு பழமொழியில் தொங்கியது. தொங்கவிட்டவன் நான்தான்.

மலேசியாவில் லகாட் ஊர்ப்பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸை அப்பா ஓட்டிவந்தார். பதினாறு வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. ஒரு மழைநாளில் பஸ் வழுக்கி கேட் தூணில் மோதியது. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் ஏன் வேலையைவிட்டு நிறுத்தக்கூடாது என்று கேட்டு மலாயில் கடிதம் வந்தது. மூன்று நாளில் பதில் தர வேண்டும். அப்பாவுக்கு மலாய் பேச வரும், எழுத வராது. வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். முடிந்ததும், தேநீரை ஆறவிட்டு என்னைப் பார்த்து, "யானைக்கும் அடி சறுக்கும்லா, தம்பி" என்றார்.

கட்டுரையைப் பழமொழியில் முடித்தால் பள்ளியில் மதிப்பெண் கூடும். யானையை அப்படியே மலாயில் எழுதினால் யாருக்கும் விளங்காது. கருத்து ஒத்துப்போகிற மலாய்ப் பழமொழி வேண்டும். பள்ளியில் மலாய்ப் பழமொழிகளை எழுதிவைத்த நோட்டைப் புரட்டினேன். எவ்வளவு கெட்டிக்கார அணில் தாவினாலும் கடைசியில் தரையில் விழும்: திறமைசாலியும் தவறுவான் என்று பொருள் போட்டிருந்தது. கச்சிதம். கடைசி வரியாக எழுதிவிட்டேன்.

மறுநாள் தொழிற்சாலை அலுவலகத்துப் பெஞ்சில் அப்பா கடிதத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். கடைசி வரியில் முகம் மாறியது.

"அணிலா? இத யாருடா போடச் சொன்னா?"

"அதே அர்த்தம்தான்ப்பா. நோட்டுல இருக்கு."

"மோட்டார் சைக்கிள் திருடன் மாட்டினப்ப சாப்பாட்டுக் கடையில மலாய்க்காரங்க இதத்தான் சொன்னாங்க. இத்தன நாளு தாவினான், இன்னிக்கு விழுந்தான்னு. பதினாறு வருசமா ஏமாத்திட்டு இப்ப மாட்டிக்கிட்டேன்னு நெனைக்க மாட்டாங்க?"

நோட்டில் பொருள் இருந்தது; யாரைப் பார்த்து, எந்த நேரத்தில் சொல்வார்கள் என்பது இல்லை. உள்ளே கூப்பிட இருந்த அடுத்த ஆள் நாங்கள்தான். மனப்பாடம் செய்ததையெல்லாம் துழாவி, 'மழை படாத மண் எங்கே' என்பதை மலாயில் சொன்னேன்.

"இத எங்கயாவது கேட்டிருக்கீங்களாப்பா?"

கொஞ்சம் யோசித்தார். "கேட்டிருக்கேன். சண்டைய தீத்து வைக்கிறப்ப. தப்பு பண்ணாதவன் யாரு, விடுங்கன்னு சொல்லுவாங்க. அதையே போடு."

மடியில் வைத்தே கடைசித் தாளைத் திரும்ப எழுதினேன். எழுத்து கோணலாக வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டு உள்ளே போனார். வெளியே வரும்வரை நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். சரியான பழமொழியைப் பிடித்துவிட்டேன் என்று வழியெல்லாம் பெருமை எனக்கு. அப்பா சாலையையே பார்த்து மோட்டார் சைக்கிளை ஓட்டிவந்தார்.

யானையை அவர் கடிதத்துக்காகச் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார். "ஆமாம்ப்பா" என்று ஒரு வார்த்தை போதுமாக இருந்திருக்கும். நான் நோட்டை எடுத்தேன்.