கையில் நூறு, நெஞ்சில் அறுபத்திரண்டு

குருநகர் மீன்சந்தையில் கத்தரீனா அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களை அவர் சும்மா விடமாட்டார். பின்னாலேயே அவருடைய குரல் சந்தை வாசல்வரை துரத்திக்கொண்டு வருமாம். நான் அந்தக் குரலை முதன்முதலில் கேட்டது எங்கள் ஆஸ்பத்திரியின் இருதய வாட்டில், ஒரு திங்கட்கிழமை காலை. அதுவும் பாதிக் குரல்தான்.

“பிள்ளை... தலகாணி... இன்னுமொண்டு தா” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு.

ஏற்கெனவே மூன்று தலையணை கொடுத்திருந்தேன். நாலாவதையும் கொடுத்தேன். கட்டிலில் படுத்திருந்தார் என்று சொல்ல முடியாது, சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எட்டு மாதமாக வீட்டிலும் நித்திரை இப்படித்தானாம். சரிந்தால் மூச்சு முட்டும்.

நான் உதயகலா, அந்த வாட்டில் தாதி. வட்டுக்கோட்டையில் வெங்காயம் செய்கிற வீட்டுப் பிள்ளை. கோபக்காரி என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பெயர். அந்தப் பெயர் பொய்யில்லை.

கத்தரீனா அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பதினொரு வயதில், இடம்பெயர்ந்து போய் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது தொண்டைநோ வந்து, பிறகு மூட்டுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் காய்ந்திருக்கிறது. காய்ச்சல் போய்விட்டது. ஆனால் இருதயத்தின் இடப்பக்கத்தில், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் வால்வை அது சும்மா விடவில்லை. வருடக்கணக்கில் அது தடித்து ஒட்டி, இப்போது சட்டைப் பொத்தான் துவாரம் போல ஒரு சின்னப் பிளவுதான் மிச்சம். கலியாணம் கட்டாமல், அண்ணன் செபநாயகத்தோடு இருந்துகொண்டு, அந்தப் பிளவை வைத்துக்கொண்டே இருபது வருடம் மீன்கூடை தூக்கியிருக்கிறார். நினைத்தால் எனக்கே மூச்சு வாங்கும்.

புதன்கிழமை அவருக்குப் பலூன் வைப்பதாக ஏற்பாடு. தொடையிடுக்கு இரத்தநாளம் வழியாக ஒரு மெல்லிய குழாயை இருதயத்துக்குள் கொண்டுபோய், வால்வுக்குள் பலூனை ஊதி, ஒட்டியதைப் பிரிப்பார்கள். அதைச் செய்கிற டொக்டர் வெளியிலிருந்து வருகிறார். அவர் அடுத்த முறை வர மூன்று மாதமாகும். எங்கள் டொக்டர் கோபிசங்கர் கட்டிலடியில் நின்று தெளிவாகச் சொன்னார்.

“மயக்கமருந்து குடுக்கிறேல்லை, முழிப்பாத்தான் இருப்பியள். ஆனா ஒரு மணித்தியாலம் நேரா, மல்லாக்கப் படுத்திருக்கவேணும். புதன் காலமை எட்டு மணிக்குப் படுத்துக் காட்டினா செய்வம். ஏலாட்டி, அடுத்த முறைதான்.”

அடுத்த முறை வரை அவர் தாங்குவாரா என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நுரையீரலில் ஊறியிருக்கும் நீரை இரண்டு நாளில் வடிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். நீர் வெளியேறும் ஊசியை ஏற்றினேன், நிறை பார்த்தேன். ஐம்பத்துநாலு கிலோ. நாளைக்கு ஒன்றரைக் கிலோவாவது குறைந்திருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

செவ்வாய் காலை நிறுத்தால், ஐம்பத்துநாலரை.

தராசை உதைத்துப் பார்த்தேன். நானே ஏறி நின்று பார்த்தேன். தராசில் பிழையில்லை. ஊசி சரியான நேரத்தில் போயிருக்கிறது. குடிக்கும் தண்ணீரும் அளவோடுதான். பிறகு எப்படி? அக்காவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டால் அடிப்பக்கம் முழுக்க கிறுகிறு என்று நீர்ச் சத்தம். விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவி எண்பத்தொன்பதைக் காட்டியது. தொண்ணூற்றைந்தாவது இருக்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு, பார்வையாளர் நேரத்தில், விடை தானாக நடந்து வந்தது. செபநாயகம் அண்ணை. ஐஸ் கொம்பனியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சவரம் செய்த முகம், மடிப்புக் கலையாத சேட், கையில் துணிப்பை. பைக்குள்ளிருந்து முதலில் கனடாவிலிருந்து மகள் அனுப்பிய பிரஷர் மெசின் வந்தது. தங்கையின் கையில் பட்டியைச் சுற்றி, பொத்தானை அமத்தி, எண்ணைக் கொப்பியில் எழுதினார். மேலே நூறு, கீழே எழுபது. தலையை ஆட்டிக்கொண்டு பிளாஸ்க்கைத் திறந்து ஒரு கோப்பை தேசிக்காய் பிழிந்த தண்ணி வார்த்தார்.

நான் போய்க் கோப்பையைப் பறித்து ஒரு வாய் குடித்தேன். கடல்தண்ணி தோற்றது.

“உதென்ன ஐயா? உப்பு எத்தினை கரண்டி போட்டனியள்?”

“ரெண்டுதான் பிள்ளை” என்றார் பெருமையோடு. “இவளுக்குப் பிரஷர் இறங்கிப்போச்செல்லோ. நேற்றுப் பின்னேரமும் குடுத்தனான். சோத்துக்கையும் பொரிச்ச கருவாடு வைச்சுக் குடுத்தனான். வீட்டிலை ரெண்டு கிழமையா அந்த மூத்திரம் போற குளிசையையும் நிப்பாட்டிப்போட்டன். அது பிரஷரை இன்னும் இறக்குமாமே.”

கோப்பையை டக்கென்று மேசையில் வைத்தேன். “ஆர் சொன்னது பிரஷர் இறங்கினதெண்டு?”

அவர் கிளினிக் கொப்பிக்குள்ளிருந்து ஸ்கான் ரிப்போட்டை எடுத்து, பேனையால் கோடிட்ட இடத்தைக் காட்டினார். நுரையீரல் நாடியின் பிரஷர் அறுபத்திரண்டு. “நூற்றிருபது இருக்கவேண்டிய இடத்திலை அறுபத்திரண்டு. பாதி! டொக்டர்மார் இதைக் கவனிக்கேல்லையோ எண்டுதான் நான்...”

வாட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். கத்தியது பிழை, ஆனால் பிறகு வருந்தவுமில்லை. ஏனென்றால் அந்த மனிதன் ஆங்கிலத்தைச் சரியாக வாசித்திருக்கிறார், எண்ணைச் சரியாக வாசித்திருக்கிறார், தங்கைமேல் உயிரை வைத்திருக்கிறார். அத்தனையையும் வைத்துக்கொண்டு அவளை மூழ்கடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, நூற்றிருபது கைப் பிரஷர். இது நெஞ்சுக்குள்ளை, நுரையீரல் பிரஷர். அது இருபது, இருபத்தஞ்சுதான் இருக்கவேணும். அறுபத்திரண்டு எண்டா ரெண்டு மடங்குக்கும் மேலை!”

அவர் நம்பவில்லை. “ஒரே இருதயம், ஒரே ரத்தம். அதென்னெண்டு ரெண்டு பிரஷர் வரும்?”

நியாயமான கேள்வி. கட்டில் நுனியில் உட்கார்ந்தேன்.

“இருதயம் ஒண்டுதான், உள்ளுக்கை பம்பு ரெண்டு. இடப்பக்கத்துப் பம்பு உச்சந்தலையிலையிருந்து உள்ளங்கால் வரைக்கும் அனுப்பவேணும். தலைக்கு மேலை ஏத்தவேணும், தூரம் தள்ளவேணும், ஒடுங்கின குழாயளுக்குள்ளாலை தள்ளவேணும். அதுக்குத்தான் தடிச்ச சுவரும் நூற்றிருபதும். வலப்பக்கத்துப் பம்புக்கு நுரையீரல் பக்கத்து வீடு. குழாயள் கட்டை, அகலம், லேசா விரிஞ்சு குடுக்கும். அதாலை அதே அளவு ரத்தத்தை, ஒரு நிமிசத்துக்கு அதே அஞ்சு லீற்றரை, சின்னத் தள்ளிலையே அனுப்பிப்போடும்.”

“தள்ளு கூடினா என்ன? நல்லாத்தானே ஓடும்.”

“எங்கடை வீட்டிலை வெங்காயத்துக்கு நாற்றுமேடை போட்டா ஐயா, மோட்டர்க் குழாயைப் பிடிக்கமாட்டம். பூவாளியாலை தூவுவம். மோட்டர் அடிச்சா மண்ணும் நாற்றும் கரைஞ்சு போயிடும். நுரையீரலிலை ரத்தத்துக்கும் காத்துக்கும் நடுவிலை இருக்கிற சுவர் மயிரிலும் மெல்லிசு. மெல்லிசா இருந்தாத்தான் காத்து ரத்தத்துக்குள்ளை போகும். அதிலை பிரஷர் ஏறினா, ரத்தத்திலை இருக்கிற தண்ணி காத்துப் பைக்குள்ளை கசியும். அக்கா இப்ப மூச்சு விடுறது தண்ணிக்குள்ளாலை.”

 அப்போது நாலு தலையணைக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

“சந்தை வாசலை... அரைவாசி பூட்டினா... வெளியிலை றோட்டிலை சனம் குறையும். உள்ளுக்கை... நெரியும். உதுதானே பிள்ளை?”

நான் துள்ளி எழுந்துவிட்டேன். உதேதான்! வால்வு அடைபட்டதால் கைக்கு வரும் ரத்தம் குறைவு. அதனால் கையில் நூறு. அதே அடைப்பால் வெளியேற முடியாத ரத்தம் நுரையீரலில் தேங்கிப் பின்னுக்கு அமத்துகிறது. அதனால் அங்கே அறுபத்திரண்டு. அண்ணனின் மெசின் பொய் சொல்லவே இல்லை. உப்பு உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அந்தத் தண்ணீரும் போய் நெரிசலில் சேர்ந்துகொண்டது.

“அப்ப நான்... உள்ளுக்கை இன்னும் சனத்தை விட்டுக்கொண்டு இருந்திருக்கிறன்” என்றார் செபநாயகம் அண்ணை.  பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்க நேரமில்லை. மணி பன்னிரண்டே முக்கால்.

டொக்டரிடம் ஓடினேன். அவர் ஊசியின் அளவைக் கூட்டினார், ஒட்சிசன் போட்டார். கத்தரீனா அக்கா பிளாஸ்க்கை அண்ணன் கையில் திணித்து, “கொண்டுபோய்... ஊத்து!” என்றார். சந்தைக் குரல்தான், கொஞ்சம் ஈரமாக இருந்தது. அன்றைக்கு அவர் உப்பில்லாத சோற்றை, பேச்சுக்கும் ஒரு முகச்சுளிப்பில்லாமல், மீன்காரி ஒருத்தி, தின்று முடித்தார். அதைவிட வீரம் நான் பார்த்ததில்லை.

பிறகு நடந்ததை விளையாட்டுப் போட்டி என்றுதான் சொல்ல வேண்டும். ஊசி வேலை செய்யத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் சிறுநீரை அளந்து நான் சொல்ல, வாசலில் நின்ற அண்ணன் தன் பிரஷர்க் கொப்பியிலேயே எழுதினார். முந்நூறு மில்லிலீற்றர். எழுநூறு. ஆயிரத்து இருநூறு! பக்கத்துக் கட்டில்காரியும் விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். பின்னேரம் ஒரு தலையணை போயிற்று. எனக்குப் பணி முடிந்தும் போக மனமில்லாமல், போய், விடியுமுன் திரும்பி வந்தேன்.

புதன் காலை ஐம்பத்திரண்டு கிலோ. ஒட்சிசன் தொண்ணூற்றைந்து. எட்டு மணிக்கு டொக்டர் கோபிசங்கர் வந்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கடைசித் தலையணையை எடுக்கும்போது நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நிமிடம். பத்து. அக்கா கூரையைப் பார்த்தபடி செபம் சொன்னார். சொற்கள் உடையவில்லை. இருபது.

“கொண்டு போங்கோ” என்றார் டொக்டர்.

பலூன் வைக்கும் அறைக்குள் போக எனக்கும் இடம் கிடைத்தது. திரையில் நுரையீரல் நாடியின் பிரஷர், ஐம்பத்தெட்டு. பலூன் வால்வுக்குள் நுழைந்தது, நடுவில் இடுப்புப் போல ஒடுங்கி நின்றது, ஊத ஊத அந்த இடுப்பு விரிந்து மறைந்தது. பலூனைச் சுருக்கினார்கள். எல்லோரும் திரையையே பார்த்தோம். நாற்பத்தொன்பது. நாற்பத்துமூன்று. முப்பத்தெட்டு! நான் கத்தியே விட்டேன், இந்த முறை யாரும் என்னைத் திட்டவில்லை. மிச்சமும் நாள்போக்கில் இறங்கும் என்றார் வெளியிலிருந்து வந்த டொக்டர்.

பின்னேரம் இரண்டு மணிக்கு அக்காவின் கட்டிலைத் தாண்டிப் போனேன். சத்தமே இல்லை. மூன்று நாளாக வாட்டின் அந்த மூலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இழுப்பு இல்லை, கிறுகிறுப்பு இல்லை. ஒற்றைத் தலையணையில், மல்லாந்து, அசையாமல் கிடந்தார்.  ஓடிப்போய் மூக்கடியில் விரலை வைத்தேன்.

ஒரு கண் திறந்தது.

“என்ன பிள்ளை, செத்துப்போனன் எண்டு நினைச்சியோ?” ஒரே மூச்சில் கேட்டார். “எட்டு மாசத்து நித்திரை. பேசாமல் அங்காலை போ.”