ஜும்ஆ நேரத்துத் திருத்தம்

வவுனியாவில் ஜவாஹிர் ஹாஜியாரின் உரக்கடையில் கணினி தெரிந்தவள் ஷமீலா ஒருத்திதான். பில் அடிப்பதும் அவள்தான். கணினிகளுக்கு மாதந்தோறும் வரும் மென்பொருள் திருத்தங்களைக் கொழும்பிலிருந்து சீடியில் பதிந்து பஸ்ஸில் அனுப்புவார்கள். அவற்றை அவள் முதலில் ஸ்டோரில் இருக்கும் பழைய கணினியில்தான் போடுவாள். அது அவளுடைய அண்ணன் றிஸ்வான் நாநாவுடையது. அவன் மௌத்தாகி, அடக்கமும் முடிந்த பிறகு வீட்டில் சும்மா கிடந்ததை அவளே கொண்டுவந்து வைத்தாள்.

அந்த வியாழக்கிழமை அடுத்த கடையின் கணினிகள் வைரஸால் படுத்துவிட்டன. அதைத் தடுக்கும் திருத்தம் காலை பஸ்ஸிலேயே வந்திருந்தது. விதைப்புக் காலம். சனிக்கிழமை ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து லொறிகள் வரும். அச்சிட்ட பில் இல்லாமல் ஒரு மூட்டையும் ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டாது.

"எல்லாத்திலயும் இண்டைக்கே போடுங்கோ மகள்," என்றார் ஹாஜியார்.

"முதல்ல ஸ்டோர்ல, ஹாஜியார். அங்க பில் வந்தாத்தான் கவுண்டருக்கு."

"வைரஸ் அதுவரைக்கும் காத்துக்கொண்டு நிக்குமோ?"

"இன்ரநெற் வாற ரெலிபோன் வயரைக் கழட்டிப்போட்டன். வெளியாக்களின்ர சீடியும் போட விடன். இனி அது ஓமந்தையால நடந்துதான் வரோணும்."

அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் விட்டுவிட்டார்.

ஸ்டோர்க் கணினியில் திருத்தம் ஒழுங்காக ஏறியது. வழக்கம்போல ஒரு விற்பனை, ஒரு திருப்பி எடுத்தல், இருப்புக் கணக்கு என்று எல்லாம் செய்துபார்த்தாள். பிரிண்டரில்தான் வெறும் தாள் வந்தது. பில் மென்பொருள் எழுதியவனுக்குப் பக்கத்துப் பார்மசியிலிருந்து போன் எடுத்தாள். திருத்தம் போட்டபின் பிரிண்டரை நீக்கி மறுபடி பதியச் சொன்னான். செய்தாள், எழுத்து விழுந்தது. அந்தப் பில்லை ஹாஜியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் வெறும் தாளையும் வாங்கிப் பார்த்தார். பிறகு இரண்டையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் கடை சாத்தும் நேரம்தான் அவளுக்குக் கிடைக்கும் இடைவெளி. தரவுகளைச் சீடியில் பிரதி எடுத்து, அது திறக்கிறதா என்று ஸ்டோரில் பார்த்தாள். பின் ஒரு கவுண்டர்க் கணினியில் திருத்தத்தைப் போட்டாள்; பில் அடித்துப் பார்த்தபின் மற்றதில். கடைசியாகத்தான் எல்லாக் கணக்கும் இருக்கும் அலுவலகக் கணினி.

அது அணைந்து திரும்ப எழும்பிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. பூவரசங்குளத்திலிருந்து உரம் வாங்க வந்த அப்புத்துரையும் இன்னும் சிலரும். தொழுகை முடிந்து ஹாஜியாரும் வாசலுக்கு வந்துவிட்டார். யார் தட்டினாலும் உடனே திறப்பது அவருடைய நெடுநாள் பழக்கம். சாவியோடு அவர் கை கதவுப் பூட்டுக்குப் போனதை அவள் உள்ளேயிருந்து கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹாஜியார், இப்ப திறந்தா கொம்பியூட்டர் பாதி பில்லில நிண்டுடும்."

பூட்டிலிருந்து கை இறங்கியது.

"அப்புத்துரை அண்ணை, இருங்கோ. தேத்தண்ணி குடிப்பம்," என்று அவர் சொல்வது கேட்டது.

"உங்கட கடையில காத்திருக்கிறது இதுதான் முதல்தரம்," என்றார் அப்புத்துரை.

"பரிசோதனை நடக்குது. நோயாளி உள்ள."

அவர்கள் இரண்டாம் தேத்தண்ணிக்குப் போவதற்குள் அவள் கதவைத் திறந்தாள். முதல் பில் கரகரவென்று முழு எழுத்தோடு வந்தது. ஹாஜியார் அதைக் கிழித்து அப்புத்துரையிடம் நீட்டி, இனிமேல் வெள்ளிக்கிழமைகளில் அவள் சொன்ன பிறகுதான் கடை திறக்கும் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பின்னேரம் ஷமீலா ஸ்டோருக்குப் போய் நாநாவின் கணினியை அணைத்து, தூசு படாமல் துணியைப் போர்த்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.