இரண்டு பேருடைய தவணை

சாலைக் கடைத்தெருவில் நான் கணக்கு எழுதும் துணிக்கடையில் பெருக்கித் துடைக்கிறவள் செங்கோட்டைப் பக்கத்துக்காரி. என் பேச்சைக் கேட்டுத்தான் நான் சேர்ந்த சிட்டியில், அதாவது ஏலச்சீட்டில், அவளும் சேர்ந்தாள். அவளிடம் இருந்தது சின்ன பட்டன் போன். மாதாமாதம் ஐயாயிரத்தை ரொக்கமாக என்னிடம் தருவாள். என்னுடையதையும் சேர்த்து ஏஜென்ட் எண்ணுக்குப் பத்தாயிரமாக அனுப்பிவிடுவேன். "ரண்டு பேருடையதும் கிட்டி" என்று, பணம் வந்து சேர்ந்ததாக, அவன் வாட்ஸ்அப்பில் பதில் போடுவான். பாஸ்புக்கில் பிறகு பதிந்து தருகிறேன் என்பான். நானும் பெரிய மனுஷி மாதிரி விட்டுவிட்டேன்.

ஒரு நாள் அவன் போனை எடுப்பதை நிறுத்தினான். தம்பானூரில் இருக்கும் சிட்டி ஆபீசுக்கு நான் மட்டும் போனேன். எங்கள் இருவர் பேரிலும் நான்கு மாதத் தவணை ஏறியிருக்கவில்லை. பேங்க் ஸ்டேட்மென்டை நீட்டினேன்.

மேனேஜர் வரிவரியாகப் பார்த்தார். "அவன் நம்ம ஏஜென்ட்தன்னே, பைசா அவனுக்குப் போயிட்டுண்டு, நாங்க ஏத்துக்கிறோம். பட்சே இதில சேச்சியோட பேரு மாத்திரமே உள்ளு. மொத்தமும் சேச்சி கணக்கில வைக்கட்டே? கூடுதல் வர்றது அடுத்த நாலு மாசத்துக்கு அட்வான்ஸ்."

அந்த வாட்ஸ்அப்பைக் காட்டியிருந்தால் போதும். போன் கையில்தான் இருந்தது. மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. நாலு மாதம் மூச்சு விடலாம் என்று தோன்றியது. அவளுடையதை மெல்லத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அப்போது கை கூசவில்லை. இப்போது கூசுகிறது.

கடைக்குத் திரும்பியதும், "என்னோடதும் ஏறிச்சாக்கா?" என்று அவள் கேட்டாள்.

"பாத்துட்டிருக்காங்க" என்றேன்.

இரண்டு நாளில் ஏலம். மகளை நர்சிங்கில் சேர்க்க அந்த மாதச் சிட்டியை எடுப்பதென்று அவள் இருந்தாள். பாக்கி இருப்பவர் ஏலம் கேட்க முடியாது என்று ஆபீசில் அனுப்பிவிட்டார்கள். "அந்த ஏஜென்ட் நாசமாப் போவான்" என்று திட்டிக்கொண்டே துடைப்பத்தை எடுத்தாள். பாதிச் சாபம் எனக்கு விழ வேண்டியது.

மறுநாளே போய் நான்கு மாத வாட்ஸ்அப் பதில்களையும் காட்டினேன். பாதிப் பணம் அவளுடையது என்று எழுதியும் கொடுத்தேன். "இது அன்னைக்கே காணிச்சிருந்தா அவங்களும் ஏலத்தில இருந்திருப்பாங்களே, சேச்சி" என்றார் மேனேஜர். அவளுடைய நான்கு தவணைகளும் அவள் கணக்குக்கு மாறின. போன ஏலம் போனதுதான்.

கம்மலை அடகு வைத்து மகளைச் சேர்த்தாள். "நீங்க இல்லேன்னா என் பைசா போயிருக்கும்க்கா" என்று வேறு சொன்னாள். நடந்ததை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த மாதம் ரூபாயோடு வந்தாள். "இனிமே நேரா ஆபீஸ் கவுண்டர்ல கட்டி, கையோட ரசீது வாங்கிக்கோ" என்றேன்.

"ரசீது எதுக்குக்கா? அதான் நீங்க இருக்கீங்களே" என்று என் கையில் திணித்தாள். அவள் காதுத் துளையில் ஈர்க்குச்சி சொருகியிருந்தது.